பன்னிரண்டு குல்ஃபி போதும்

வைகாசி கருட சேவைக்கு முதல் நாள், பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து இருபத்து நான்கு பேருக்குக் குல்ஃபி தருவதாகச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். ஃப்ரீசரில் பன்னிரண்டு அச்சுதான் இடிக்காமல் நிற்கும்.

மூன்று லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறியும் ஆறாமலும் அத்தனையையும் திணித்தேன். சூடு வெளியேற வழியில்லை. காலையில் பார்த்தால் ஓரம் கட்டி, நடுவில் கூழ். கடித்தால் நறநறவென்று ஐஸ். நான் புதுச்சேரியில் படித்த பிரெஞ்சில் ஐஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் ‘கிளாஸ்’ என்று ஒரே சொல்தான். நாக்குக்கு இரண்டும் ஒன்றல்லவே!

ஒரே நாளில் தெருவுக்கே கொடுக்க ஆசைப்படுவது தப்பு என்பேன். இப்போதெல்லாம் ஒன்றரை லிட்டர் பால்தான். நன்றாக ஆறவிட்டு, கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் குளிரவைத்த பிறகே ஃப்ரீசர். எதிர்வரிசை வீடுகளுக்கு மறுநாள்.

கரண்ட் போனால்? ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்திருக்கிறேன். காசு அடியில் கிடந்தால், குல்ஃபி எவ்வளவு இறுகியிருந்தாலும் இடையில் உருகியதுதான். பால் பண்டம், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அதைக் கொடுக்க மாட்டேன். போன வாரம் அப்படி ஒன்பதைக் கொட்டினேன். வீட்டம்மாளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.