"நன்றாகப் பேசுவேன்" என்றால் என்ன?

கொழும்பில் ஒரு நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவில் நான் பணிபுரிகிறேன். தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலைக்கு மாத்தளை, உக்குவளை, கலேவெல பகுதிகளிலிருந்து உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பார்த்தவுடன் நாங்கள் அழைப்பதில்லை. முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு சிறு செய்தி போகும்: "உங்கள் பேச்சுத் தமிழும் பேச்சு ஆங்கிலமும் எந்த அளவில் உள்ளன? பதினைந்து நிமிடம் பேச எந்த நேரம் வசதி?"

இரண்டு வரிதானே என்று இதை அலட்சியமாக எண்ணக்கூடாது. முதல் அழைப்பை எந்த மொழியில் தொடங்குவது, எந்தப் பதவிக்காகப் பேசுவது என்பதை அந்தப் பதிலை வைத்தே தீர்மானிக்கிறோம்.

பெறுபேற்றுப் பத்திரத்தில் ஆங்கிலத்துக்கு "ஏ" இருக்கும்போது ஏன் மீண்டும் கேட்கிறார்கள் என்று பெற்றோர் வினவலாம். அது எழுத்துப் பரீட்சையின் பெறுபேறு. கோபத்தோடு பேசும் ஒருவருக்கு அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வாளா என்பதை அது காட்டாது. தமிழுக்குக் கிடைத்த "ஏ"யும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் "கதைக்கிறோம்", மலையகத்தில் "பேசுறோம்". நம் வீடுகளில் வாப்பா, உம்மா என்று வழங்கும் தமிழ் இன்னொரு விதம். எல்லாருடைய பேச்சையும் விளங்கிக்கொண்டு, எல்லாருக்கும் விளங்குமாறு பதில் சொல்வது தனித் திறமை.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில் "நன்றாகப் பேசுவேன்" என்பதே. அதிலிருந்து எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிலவேளை அது பிள்ளைக்குத் தீங்காகவும் முடிகிறது. ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் வாப்பாவின் இலக்கம் இருந்தது. செய்திக்கு நானா பதில் எழுதினார். "இரண்டு மொழியும் மிகச் சிறப்பு" என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை நம்பி, ஆங்கிலம் அதிகம் தேவைப்படும் பதவிக்கு அழைப்பு நேரம் குறிக்கப்பட்டது. இரண்டாவது கேள்வியிலேயே பிள்ளை தடுமாறினாள். தமிழுக்கு மாற்றியதும் பேச்சு தெளிவாக, பொறுமையாக ஓடியது. தமிழ் முதன்மையாகவும் ஆங்கிலம் ஓரளவும் போதுமான இடம் ஒன்று அந்த வாரம் இருந்தது. ஆனால் அதற்குரிய அழைப்புகள் முடிந்து, ஆளும் எடுக்கப்பட்டுவிட்டது. நானாவின் அன்பே தங்கையின் வேலையைப் பறித்தது.

அவளே இப்படி எழுதியிருக்கலாம்: "தமிழில் எந்த விடயத்தையும் விளக்குவேன். ஊர் ஊரான பேச்சும் விளங்கும். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினால் விளங்கும், அன்றாட விடயங்களுக்குப் பதில் சொல்வேன். நீண்ட விளக்கத்துக்குத் தடுமாறுவேன்." இதில் தற்பெருமையுமில்லை, தாழ்வுமில்லை. தன்னால் எது முடியும் என்பதை மட்டும் சொல்கிறது. ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்தர அளவுகோலும் இதே முறையில்தான் அமைந்துள்ளது. ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளும் "இன்னதைச் செய்ய முடியும்" என்ற வாக்கியங்களாலேயே விளக்கப்படுகின்றன. பழக்கமான விடயங்களில் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடிந்தால் பி1. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு இரு பக்கமும் சிரமமின்றி உரையாட முடிந்தால் பி2.

உங்கள் படி எது என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் 1,850 ரூபா இரண்டு தடவை கழிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, பணம் எப்படித் திரும்ப வரும் என்பதை இரண்டு நிமிடம் தமிழில் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து, இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்பது தெரியும். தமிழிலும் ஒரு குறை தெரியலாம். "ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது" என்று வாயில் வராமல், தொகையும் திகதியும் தாமாக ஆங்கிலத்துக்குத் தாவியிருக்கும். ஆங்கிலம் அறியாத முதியவர் மறுமுனையில் இருந்தால் அது பெரிய குறை.

தமிழைத் "தாய்மொழிதானே" என்று விண்ணப்பத்தில் எழுதாமலே விடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் மும்மொழியிலும் பதில் கிடைக்கிறது. தமிழில் தெளிவாகப் பதில் சொல்பவருக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆகவே அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இப்படிச் செய்தி வந்தால், அந்த நிறுவனத்தின் பொதுத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அனுப்பியவர் அங்குள்ளவர்தானா என்று விசாரியுங்கள். மொழியைக் கேட்கும் கட்டத்தில் பணமோ வங்கி விபரமோ கேட்டால் பதில் அனுப்ப வேண்டாம். செய்தி உண்மையானதென்று தெரிந்தால் கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். வேலையில் பேசப்போவது அவள்தான், பதிலையும் அவளே எழுதட்டும்.