பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியை உடைத்தது ஆறு வயசு குழந்தை... காசு யார் கொடுக்கணும்?

ஒரு உதாரணம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாயங்கால கிரிக்கெட். ஆறு வயசுப் பையன் அண்ணனோட கார்க் பாலை எடுத்து வீச, பக்கத்து வீட்டுக்காரர் காரின் முன்பக்கக் கண்ணாடியில் விரிசல். மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். ‘உங்க பையன்தானே, நீங்கதான் தரணும்’ என்கிறார் கார்காரர். ‘சின்னக் குழந்தை சார், இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணிக்கோங்க’ என்கிறார் அப்பா. இதில் யார் சொல்வது சரி?

போலீஸுக்குப் போனால்?

பலன் இருக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-வது பிரிவுப்படி, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமே கிடையாது. வயது கூடுதலாக இருந்தாலும், சேதப்படுத்தும் எண்ணமோ, சேதமாகும் என்று தெரிந்தோ செய்திருந்தால்தான் அது குற்றம். கைதவறிப் போன பந்து அதில் வராது. ஆக, இது முழுக்க முழுக்க இழப்பீடு கேட்கும் சிவில் விவகாரம்.

பெற்றோர் என்பதாலேயே பொறுப்பா?

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர் தானாகவே பணம் கட்ட வேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரைப் பொறுப்பாக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று தனிப் பிரிவே 2019-ல் சேர்க்க வேண்டியிருந்தது.

பெற்றோர் மாட்டுவது, அவர்களுடைய சொந்த அலட்சியம் நிரூபணமானால்தான். குழந்தையின் வயசு என்ன, கையில் என்ன கொடுத்தார்கள், எங்கே விளையாட விட்டார்கள், முன்பே யாராவது எச்சரித்தார்களா? இந்த நாலு கேள்விக்கான பதில்தான் வழக்கைத் தீர்மானிக்கும். டென்னிஸ் பால், விளையாட ஒதுக்கிய இடம், பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் என்றால் அலட்சியம் என்று சொல்வது கஷ்டம். நம்ம உதாரணத்தில் கார்க் பால், கார்களுக்கு நடுவே ஆட்டம். ‘பார்க்கிங்கில் விளையாட விடாதீங்க’ என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே மெசேஜ் வந்திருந்தால், அப்பா தரப்பு பலவீனம்தான்.

‘இன்ஷூரன்ஸ்ல பாத்துக்கோங்க’

பெரும்பாலான சண்டை இந்த வார்த்தையில்தான் முற்றுகிறது. முதலில், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் சொந்தக் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தால் வரும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. 1500 சிசி வரையிலான கார் என்றால் கட்டாயப் பிடித்தமாக 1,000 ரூபாய் போக, 8,000 கைக்கு வரும்.

ஆனால் அது இலவசம் இல்லை. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வருஷத்துக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்காரர் நாலு வருஷமாக கிளெய்ம் செய்யாததால் 45% நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியில் இருக்கிறார். இந்த வருஷமும் கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த முறை 50%. கிளெய்ம் செய்தால் அது பூஜ்யம். அடுத்த வருஷம் 5,000 ரூபாய் நஷ்டம். அதற்கடுத்த வருஷம் 50%-க்குப் பதில் 20%தான் என்பதால் இன்னொரு 3,000. வாங்கிய 8,000 ரூபாய் இரண்டே வருஷத்தில் திரும்பப் போய்விடுகிறது. மூன்றாவது வருஷமும் நஷ்டம் தொடரும். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டும் கதை வேறு.

அதாவது, ‘கிளெய்ம் பண்ணிக்கோங்க’ என்றால் ‘நீங்களே கட்டிக்கோங்க, கொஞ்சம் லேட்டா’ என்றுதான் அர்த்தம்.

அப்போ என்ன செய்யலாம்?

கோர்ட்டுக்குப் போவது இரு தரப்புக்கும் வீண். குழந்தை மீது வழக்குப் போட்டாலும் அதன் சார்பில் பேச கார்டியனை நியமிக்க வேண்டும். அப்படி வந்து நிற்பதாலேயே அப்பாவின் சொந்தப் பணத்திலிருந்து வசூலிக்க முடியாது. 9,000 ரூபாய்க்கு வக்கீல் ஃபீஸே கட்டுப்படியாகாது.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகப் பெற்றோர் கையை விரிப்பது நியாயம் ஆகிவிடாது. நஷ்டப்பட்டவர் எந்தத் தப்பும் செய்யாதபோது, ரிப்பேர் பில்லைப் பெற்றோர் கட்டுவதே முறை. கிளெய்ம் செய்வது என்று முடிவானால், பிடித்தம் 1,000 ரூபாயையும் போகும் போனஸையும் ஈடுகட்ட வேண்டும். அதே நேரம், குழந்தைகள் விளையாட ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்தியவர் முழுத் தொகையும் கேட்பது சரியில்லை. பாதிப் பாதி என்பது அங்கே பொருத்தம். பழைய கீறலுக்கும் சேர்த்து பெயின்ட் அடிக்கக் கேட்பதும் கூடாது.

உடைந்ததும் இரு தரப்பும் சேர்ந்து போட்டோ எடுத்து, ஒரிஜினல் பில்லைப் பார்த்து, கொடுத்த தொகையை ஒரு மெசேஜில் எழுதிக்கொண்டால் போதும். பணம் கொடுக்கும்போது அந்த ஆறு வயசுக்காரனும் பக்கத்தில் நின்று ஒரு ‘ஸாரி அங்கிள்’ சொல்லட்டும். நாளைக்கு லிஃப்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கணுமே!