பின்பக்கச் சொல்லடைவு

டியூஷன் நடத்தும் என் அக்கா, 48 பக்க அறிவியல் கையேட்டின் கடைசியில் சொல்லடைவு ஒன்றைக் கையாலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அச்சுக்குப் போகும் முன் நடுவில் ஒரு படப் பக்கம் சேர்ந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு வந்த எண்களெல்லாம் பிசகிவிட்டன. ‘ஒளிச்சேர்க்கை 31’ என்று பார்த்துப் புரட்டினால், அங்கே வேறு பாடம்!

அன்றிரவு இருவரும் வேர்டில் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தோம். சொல்லைத் தேர்வு செய்து Alt+Shift+X அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். பாடத்தில் ‘ஒளிச்சேர்க்கையின்’ என்று இருந்தாலும், Main entry கட்டத்தில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று திருத்திய பிறகே Mark அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு வரிகளாக வந்து நிற்கும். சொல் வரும் இடத்தையெல்லாம் குறிக்காமல், விளக்கம் உள்ள இடத்தை மட்டும் குறித்தோம். ஒரு சொல்லுக்குப் பத்துப் பக்க எண் இருந்தால் பிள்ளைகள் எதைத்தான் புரட்டுவார்கள்?

கடைசியில் References பகுதிக்குப் போய் Insert Index கொடுத்தோம். இங்கேதான் ஒரு சிக்கல். குறித்த இடங்களில் XE என்ற மறைகுறிகள் திரையில் தெரிந்தால், அவையும் இடம்பிடித்துப் பக்கங்களைத் தள்ளிவிடும். Ctrl+Shift+8 அழுத்தி அவற்றை மறைத்த பிறகே அடைவை உருவாக்க வேண்டும். பின்னர் பக்கம் கூடினால், அடைவின்மேல் சொடுக்கி F9 அழுத்தினால் எண்கள் மாறிவிடும்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஐந்து சொற்களைப் புரட்டிப் பார்த்தோம். ஒளிச்சேர்க்கை 32இல் இருந்தது.