பானைக்கு ஃபிரிட்ஜ் என்று பெயர் வைக்கலாமா?

மாவட்ட அறிவியல் கண்காட்சி ஒன்றில் நடுவராக இருந்தேன். மாலையில் மூன்று பேரும் மதிப்பெண் கூட்ட உட்கார்ந்தோம். "அந்தப் பானை வச்சிருந்த பொண்ணுக்கு நீங்க எவ்வளவு போட்டீங்க சார்?" என்று கேட்டார் ஒருவர். பட்டியலைப் புரட்டினால் பானை என்ற சொல்லே இல்லை. 'நிலைத்த வளர்ச்சிக்கான சுற்றுச்சூழல் நட்பு இயற்கை ஃபிரிட்ஜ்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் வரியும் 'நிலைத்த வளர்ச்சிக்கான' என்றுதான் தொடங்கியது, கீழ் வரியும் அப்படியே. மூன்றாம் நடுவர் பானைக்குரிய மதிப்பெண்ணைக் கீழ் வரியில் போட்டுவிட்டிருந்தார். படைப்பு எண்ணை வைத்துச் சரிசெய்தோம். ஆனால் பானையை மூவரும் நினைவில் வைத்திருந்தோம், அதன் தலைப்பு ஒருவருக்கும் நினைவில் இல்லை.

தவறு மாணவியுடையது அல்ல. கண்காட்சிக்கான சுற்றறிக்கையில் துணைத் தலைப்புகள் வருகின்றன. வழிகாட்டி ஆசிரியர்களாகிய நாம் அவற்றிலிருந்து இரண்டு மூன்று சொற்களை எடுத்துப் படைப்பின் தலைப்பிலேயே ஒட்டிவிடுகிறோம், விதிக்கு உட்பட்டதாகத் தெரியட்டும் என்று. துணைத் தலைப்புக்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. அங்கே எழுதியதைத் தலைப்பிலும் எழுதினால், அந்தப் பிரிவில் வந்திருக்கும் எல்லாப் படைப்புகளுக்கும் பொதுவான சொற்களே பலகையில் நிற்கும். 'ஸ்மார்ட்', 'பசுமை' இரண்டுக்கும் இதே கதிதான். ஓர் அரங்கில் நான்கு 'ஸ்மார்ட்' இருந்தால் நான்கும் ஒன்றுதான்.

அந்தப் பானைக்கே வருகிறேன். காலையில் நடந்தது இது. ஒரு பெரிய மண்பானை, அதற்குள் சிறியது, இடையில் ஈர மணல், மேலே நனைத்த சாக்கு. உள்ளே தக்காளி. மணலில் உள்ள நீர் வெளிப்பானையின் நுண்துளைகள் வழியே ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், உட்பானை குளிரும். "என்னம்மா இது, ஃபிரிட்ஜா?" என்று கேட்டார் எங்களில் ஒரு நடுவர். "ஆமா சார்" என்றாள். அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அன்று மழை, அரங்கு முழுக்கப் புழுக்கம். பானை ஏதோ கொஞ்சம் ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அவர் முகம் மாறியதை அவளும் கவனித்தாள்.

இங்கே தோற்றது சோதனை அல்ல, பெயர். ஆவியாதலால் குளிரும் எந்தப் பொருளும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போகாது. வெளியே 35 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 24 டிகிரி. அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் ஆனால் எல்லை 32 டிகிரிக்கு ஏறிவிடும். ஆகவே வறண்ட வெயிலில் பத்து டிகிரி வரை குறைய இடமுண்டு, மழை நாளிலோ கடலோர ஊரிலோ மூன்று டிகிரிதான். 'ஃபிரிட்ஜ்' என்ற சொல்லைப் படித்தவர் மனதில் 5 டிகிரியோடு வந்து நிற்கிறார். மாணவி சரியாகச் செய்த ஒன்றை அவளுடைய தலைப்பே பொய்யாக்கிவிட்டது.

குஜராத்தைச் சேர்ந்த மண்பாண்டக் கலைஞர் மன்சுக்பாய் பிரஜாபதியின் கதை இங்கே பொருந்தும். 2001 பூகம்பத்தில் உடைந்த ஒரு பானையின் படத்தை வெளியிட்ட நாளேடு, ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்துபோனதாக அதன் கீழே எழுதியிருந்தது. மண்ணிலேயே குளிர்பெட்டி செய்யும் எண்ணம் அவருக்கு அதிலிருந்து வந்தது. செய்து முடித்த பெட்டிக்கு அவர் வைத்த பெயர் 'மிட்டிகூல்'. மிட்டி என்றால் மண். எதனால் ஆனது, என்ன செய்யும் என்ற இரண்டு மட்டும்தான் பெயரில் இருக்கின்றன. ஃபிரிட்ஜ் என்ற சொல் நாளேட்டுக்காரருக்கு உதவியது, 'மிட்டிகூல்' என்ற பெயருக்குள் அது இல்லை.

நம் மாணவியின் படைப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கலாம்? 'மின்சாரம் இல்லா ஃபிரிட்ஜ்' மனதில் நிற்கும், ஆனால் அதே பொய்தான். ஆப்பிரிக்காவில் இதை 'ஜீர் பானை' என்கிறார்கள். அது சரியான பெயர்தான், ஆனால் நம் அரங்குக்கு வருபவருக்கு ஒன்றும் சொல்லாது. 'தக்காளிப் பானை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தால்? வந்தவர்கள் எப்படியும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் இரண்டாம் வரி: 'இரட்டைப் பானையில் தக்காளி எத்தனை நாள் வாடாமல் இருக்கிறது? வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் ஓர் ஒப்பீடு.' இப்போது மழை நாளே அவளுக்குச் சாட்சி ஆகிவிடுகிறது. நடுவர் கையை விட்டு, "ஜில்லுன்னு இல்லையேம்மா" என்றால், "அதைத்தான் சார் அளந்திருக்கேன்" என்று பானைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்த இரண்டு வெப்பமானிகளைக் காட்டலாம்.

முதல் வரி கூப்பிடும் பெயர், இரண்டாம் வரி சோதனையின் கேள்வி. இந்த இரண்டையும் ஒரே வரியில் திணிக்கப் பார்ப்பதால்தான் நீளத் தலைப்புகள் வருகின்றன. கேள்வியே பெயராகிவிடும் நல்வாய்ப்பும் சில சமயம் அமையும். அமெரிக்காவின் ஐடஹோவில் 1997-இல் நேதன் ஜோனர் என்ற 14 வயது மாணவன், 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு' என்ற வேதிப்பொருளின் ஆபத்துகளைப் பட்டியலிட்டு, அதைத் தடை செய்யலாமா என்று 50 மாணவர்களிடம் கேட்டான். 43 பேர் தடை செய்யச் சொன்னார்கள். அது வெறும் தண்ணீர். 'நாம் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறோம்?' என்பதுதான் அவன் படைப்பின் தலைப்பு. தண்ணீர் என்ற சொல் தலைப்பில் இல்லை, இருந்திருந்தால் வேடிக்கையே போயிருக்கும். அவன் அளந்தது தண்ணீரை அல்ல, மனிதர்களை. தலைப்பு அதைச் சரியாகச் சொன்னது.

நடைமுறையில் நமக்குள்ள சிக்கல், படிவம் தலைப்பைக் கேட்கும்போது சோதனை பாதிகூட முடிந்திருக்காது என்பதே. அப்போது முடிவைத் தலைப்பில் எழுதினால் பிறகு அதிலிருந்து தப்ப முடியாது. 'தக்காளியை வாரக் கணக்கில் காக்கும் பானை' என்று பதிந்துவிட்டு ஐந்தாம் நாளே பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது? கேள்வியாக எழுதினால் முடிவு எப்படி வந்தாலும் தலைப்பு நிற்கும். இன்னொன்று, படிவத்தில் ஒன்றும் பலகையில் வேறொன்றும் வேண்டாம். பட்டியல் படிவத்திலிருந்துதான் அச்சாகிறது. 'தக்காளிப் பானை' என்பது பலகையில் மட்டும் இருந்தால் மாலையில் நடுவர்கள் மறுபடியும் தேடத்தான் வேண்டும்.

பதிவுக்கு முன் நான் செய்வது ஒரு சின்னச் சோதனை. படைப்பை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குத் தலைப்பைச் சொல்லாமல் காட்டிவிட்டு, மறுநாள் "நேத்து என்னடா பாத்தீங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகள் 'தானியங்கி நீர்ப்பாசன மாதிரி' என்று எழுதி வந்த படைப்பை, அந்த வாண்டுகள் 'தாகம் எடுத்தா கத்துற செடி' என்றார்கள். மண் காய்ந்ததும் அதில் ஒரு பஸ்ஸர் ஒலிக்கும், அதனால். நீர் பாய்ச்சும் மோட்டாரை இணைக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயரை மாற்றினோம். மோட்டாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.