ஒரே பெயர்… மூணு போன்! ஐபோன் எஸ்.இ. வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

அத்திப்பட்டில் இருந்து ஒருவர் கும்மிடிப்பூண்டி லைன் ரயில் பிடித்து சென்னை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ஐபோன் வாங்குவது திட்டம். கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு போன்களை எடுத்து வைக்கிறார். இரண்டும் ‘ஐபோன் எஸ்.இ.’. அதே 4.7 அங்குலத் திரை, அதே ஹோம் பட்டன். ஆனால் விலை மட்டும் வேற. "ரெண்டும் எஸ்.இ. தானே அண்ணே, ஏன் இது மட்டும் ஜாஸ்தி?"

கேள்வி நியாயமானது. அந்தக் குழப்பத்துக்குக் காரணம் கடைக்காரர் இல்லை, போனுக்கு வைத்த பெயர்.

மூணு தலைமுறை, ஒரே பெயர்

ஆப்பிள் 2016-ல் முதல் ஐபோன் எஸ்.இ.யை வெளியிட்டது. 4 அங்குலத் திரை, ஏ9 சிப். 2020-ல் வந்த இரண்டாவது போன் பெரிதாகி, ஏ13 சிப்புக்கு மாறியது. ஆனால் பெயர் மாறவில்லை. 2022-ல் மூன்றாவது போன் வந்தது. வெளித்தோற்றம் இரண்டாவது போலவேதான், உள்ளே மட்டும் ஏ15 சிப்பும் 5ஜி வசதியும் சேர்ந்தன. அப்போதும் பெயர் ஐபோன் எஸ்.இ.

இரண்டாவதும் மூன்றாவதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் வாங்குபவருக்கு வித்தியாசம் பெருசு. ஒன்றில் 5ஜி சிம் போட்டாலும் 4ஜி தான் கிடைக்கும். சிப் இரண்டு தலைமுறை பழசு என்பதால், அப்டேட் நிற்கும் நாளும் அதற்குத்தான் முதலில் வரும் என்று எதிர்பார்க்கலாம். 2016 மாடலுக்கு ஐஓஎஸ் 15-உடன் கதை முடிந்துவிட்டது.

அப்போ எண் எங்கே போச்சு?

பெயரில் இருந்து எண்ணை எடுத்தால் எண் காணாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது. இந்த போன்களுக்கு இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு.

ஒன்று, A-வில் தொடங்கும் மாடல் எண். இந்தியாவில் விற்ற 2020 எஸ்.இ.க்கு A2296, 2022 எஸ்.இ.க்கு A2783. போனில் Settings → General → About போய், Model Number என்ற வரியை ஒருமுறை தொட்டால் இந்த எண் வரும். தொடாமல் பார்த்தால் வேறொரு பார்ட் நம்பர்தான் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று, மென்பொருள் அந்தக் கருவியை அடையாளம் காணும் பெயர். 2020 எஸ்.இ. அதற்கு `iPhone12,8`. 2022 எஸ்.இ. `iPhone14,6`. முதல் எண் தலைமுறை, காற்புள்ளிக்குப் பிறகு வருவது அந்தத் தலைமுறைக்குள் எந்த மாடல் என்பது. பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும், உள்ளே கணக்கு சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கு வேறு ரகசியங்களையும் சொல்லும். 2021-ல் வந்த ஐபோன் 13-இன் உள்பெயர் `iPhone14,5`. அடுத்த வருடம் வந்த ஐபோன் 14-இன் உள்பெயர் `iPhone14,7`. அதாவது பெட்டியில் எண் ஒன்று கூடியது, உள்ளே தலைமுறை எண் அப்படியே நின்றது. இரண்டிலும் ஏ15 சிப்தான். அதே நாளில் அறிமுகமான 14 ப்ரோ மட்டும் `iPhone15,2`. எண் இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையான தலைமுறையோடு சேர்ந்து நடக்கவும் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் தயாரான எக்ஸ்ஆர்

எண் இல்லாத பெயரால் வரும் சிக்கலுக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019-ல் ஸ்ரீபெரும்புதூரின் ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாரான ஐபோன் எக்ஸ்ஆர்.

2018-ல் அறிமுகமான இந்த போனின் ‘எக்ஸ்’ ரோமன் எண் பத்து. ‘ஆர்’ தலைமுறையைச் சொல்லும் எழுத்து இல்லை. நம்ம ஊரில் எல்லோரும் அதை ‘எக்ஸ்ஆர்’ என்றே சொன்னோம். அதனால் அது 8-க்குப் பிறகு வந்ததா, 11-க்கு முன்பு வந்ததா என்று பெயரைக் கேட்டால் புரியாது.

2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோது இது கையைக் கடித்தது. அந்த அப்டேட் ஐபோன் 11 முதல் உள்ள மாடல்களுக்கும், 2020 முதல் வந்த எஸ்.இ.களுக்கும்தான். எக்ஸ்ஆர் பட்டியலில் இல்லை. ‘11 முதல்’ என்ற வரியைப் படிக்கும் ஐபோன் 12 வைத்திருப்பவருக்கு ஒரு நொடியில் பதில் கிடைக்கும். எக்ஸ்ஆர் வைத்திருப்பவர் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணைத் தாண்டினால் தப்பா?

இல்லை. ஐபோன் 9 என்று ஒன்று வரவே இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை. சாம்சங் 2019-ல் கேலக்ஸி எஸ்10 விற்றுவிட்டு 2020-ல் நேராக எஸ்20-க்குத் தாவியது. அதிலிருந்து எண்ணே வருடத்தைச் சொல்கிறது: எஸ்24 என்றால் 2024. ஆப்பிளும் 2025-ல் ஐஓஎஸ் 18-லிருந்து 26-க்குத் தாவி, ஐபோன், ஐபேட், வாட்ச் எல்லாவற்றின் மென்பொருளுக்கும் ஒரே எண் கொடுத்தது. இடைவெளி விட்டாலும் வரிசை முன்னோக்கிப் போனால் போதும். ஒரே பெயர் திரும்ப வரும்போதுதான் சிக்கல்.

தெரிந்தும் ஏன் எண்ணை எடுக்கிறார்கள்?

எண் வைத்தால், புதுசு வந்த அன்றைக்கே கடையில் இருக்கும் ஸ்டாக் பழசாகத் தெரியும். வருடாவருடம் புதுப்பிக்காத பொருளுக்கு அது பெரிய தலைவலி. எண் இல்லாவிட்டால் இரண்டு வருடம் விட்டுக்கூட அமைதியாகப் புதுசை இறக்கலாம்.

ஆனால் இந்த வசதிக்கு விலை கொடுப்பது வாங்குபவர். 2012 மார்ச்சில் ஆப்பிள் மூன்றாவது ஐபேடுக்கு எண் வைக்காமல் ‘புதிய ஐபேட்’ என்றது. அதே வருடம் அக்டோபரிலேயே நான்காவதை அறிவித்தது. சார்ஜர் முனை மாறிவிட்டது: முன்னதுக்கு 30 பின், பின்னதுக்கு லைட்னிங். ஏழே மாதத்தில் ‘புதிய’ என்ற சொல் பழசாகிவிட்டது, ‘ஐபேடுக்கு சார்ஜர் வேணும்’ என்று கேட்டால் கடையில் பதில் கேள்விதான் வரும்.

2025 பிப்ரவரியில் எஸ்.இ. வரிசைக்குப் பதிலாக ஐபோன் 16இ வந்தது. மலிவு மாடலுக்கும் எண் திரும்பிவிட்டது. அதே செப்டம்பரில் ஐபோன் 17-உடன் வந்த ஐபோன் ஏர் மட்டும் எண் இல்லாமல் இறங்கியிருக்கிறது. அடுத்த ஏர் வரும்போது இதே பெயர் தொடர்ந்தால், எஸ்.இ. கதை மறுபடி ஆரம்பிக்கும்.

கடையில் என்ன செய்யணும்?

பெயரைக் கேட்டு விலை பேசாதீங்க. About பக்கத்தைத் திறந்து A எண்ணைப் பார்த்து, அதை ஆப்பிளின் மாடல் பட்டியலோடு ஒப்பிடுங்க. அங்கே வருடம் தெரிந்துவிடும். கவர், டெம்பர் கிளாஸ், பேட்டரி வாங்கும்போதும் ‘எஸ்.இ.’ என்று மட்டும் சொல்லாமல் வருடத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. அத்திப்பட்டில் இருந்து வந்தவருக்கும் அதுதான் பதில்: A2783 என்று வந்தால் கூடுதல் விலைக்குக் காரணம் இருக்கிறது. A2296 என்று வந்தால், பேரம் பேச இடமிருக்கிறது.