காது வலி எல்லாம் காதில் பிறப்பதில்லை

காது வலித்தால் கோளாறு காதுக்குள்தான் இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அதனால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவதும், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் வீடுகளில் வழக்கமாகிவிட்டன. சிறு குழந்தைகளுக்கு இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும்: சளி பிடித்த குழந்தை இரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், நடுக்காதில் சீழ் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களிடம் அந்த உறுதி இல்லை. அவர்களில் பலருக்குக் காது சுத்தமாக இருக்கும், வலி மட்டும் விடாது.

காரணம் நரம்பு அமைப்பு. கீழ்த்தாடைப் பற்களுக்கும் தாடை மூட்டுக்கும் உரிய ஐந்தாம் மூளை நரம்பு காதின் முன்பக்கத்துக்கும் ஒரு கிளை அனுப்புகிறது. டான்சிலுக்கும் அடிநாக்குக்கும் உரிய ஒன்பதாம் நரம்பு நடுக்காதுக்கும் செல்கிறது. குரல்வளைக்குரிய பத்தாம் நரம்பு காதுக்குழாய்க்குள் கிளை விடுகிறது. பல்லிலோ தொண்டையிலோ எழும் வலியும் காதில் எழும் வலியும் ஒரே பாதையில் போய்ச் சேர்வதால், அது புறப்பட்ட இடத்தை மூளை தவறாகக் கணிக்கிறது.

“பல்லில் வலியே இல்லை, ஆகவே பல் காரணமில்லை” என்பது அடுத்த வாதம். இதுதான் அதிகம் ஏமாற்றுவது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பத்து நாளாக வலது காதில் குத்தல், படுத்தால் அதிகம். சொட்டு மருந்தில் பலனில்லை. மருத்துவர் முதலில் காது மடலை இழுத்து, துளைக்கு முன்னுள்ள சிறு குருத்தெலும்பை அழுத்துகிறார். அப்போது வலி கூடினால் வெளிக்காதுக் குழாயில் புண் இருக்கலாம், இவருக்குக் கூடவில்லை. ஓட்டோஸ்கோப்பில் செவிப்பறை சிவக்காமல், புடைக்காமல், சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது. காதும் நன்றாகக் கேட்கிறது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வலிக்கிறதா என்று கேட்டதும்தான், “ஆமாம், காதுக்கு ஏறுது” என்கிறார்.

இனி பல் மருத்துவரின் வேலை. வேலப்பன்சாவடியில் உள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் குளிரூட்டிய பஞ்சைக் கடைவாய்ப் பற்கள்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். நல்ல பல்லில் கூச்சம் சில விநாடிகளில் அடங்கும். பற்கூழ் அழற்சி கண்ட பல்லில் பஞ்சை எடுத்த பிறகும் வலி நீடித்து, காதுவரை பாயும். இவருக்குப் பழைய அடைப்புக்கு அடியில் சொத்தை பரவியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. அப்படியும் சந்தேகம் இருந்தால், அந்தப் பக்கக் கீழ்த்தாடைக்கு மரத்துப்போகும் ஊசி போடலாம். சில நிமிடங்களில் காது வலி நின்றால் மூலம் பல்தான் என்பது ஏறக்குறைய உறுதி. பற்கூழில் இடத்தைக் காட்டும் உணர்வு மிகக் குறைவு. அழற்சி வேர் நுனியைத் தாண்டிச் சுற்றுத் திசுவை எட்டும்போதுதான் “இந்தப் பல்” என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அதுவரை நோயாளி காதைக் காட்டுவதில் வியப்பில்லை.

தாடை மூட்டு வலியை அறிவது எளிது. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னால் மூட்டு ‘டக்’கென்று சொடுக்கும், அழுத்தினால் வலிக்கும், சிலருக்குத் தாடை ஒரு பக்கம் சாயும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு வலி காலையில் அதிகம். டான்சில் வலி விழுங்கும்போது காதுக்குப் பாயும். காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல், குரல் குழறி, உள்நாக்கு ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தால் டான்சிலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கலாம். அதற்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“காதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், பயமில்லை” என்பது மூன்றாவது வாதம். இதுதான் அபாயமானது. காது நன்றாக இருப்பது தெரிந்த பிறகுதான் உண்மையான தேடல் தொடங்க வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ், மது பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கக் காது வலி இரண்டு மூன்று வாரம் நீடித்தால், அடிநாக்கு, டான்சில், குரல்வளையை ஒட்டிய பள்ளம் ஆகியவற்றில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு, கழுத்தில் கட்டி ஆகியவை சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். அவை இல்லாமல் காது வலி மட்டும் முதலில் வருவதும் உண்டு. மருத்துவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, அடிநாக்கை விரலால் அழுத்தி, மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை இது. சந்தேகமான இடம் தெரிந்தால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

சொட்டு மருந்து பலனளிக்காவிட்டாலும் கெடுதல் செய்யாது என்பதும் தவறு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின் போன்ற சொட்டு மருந்துகள் உள்காதைப் பாதித்துக் கேட்கும் திறனைக் குறைக்கலாம். எண்ணெயும் நடுக்காதுக்குள் இறங்கும். ஓட்டை இருக்கிறதா என்பது பார்க்காமல் தெரியாது.

இரண்டு காரணங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. சொத்தைப் பல் கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. வேர் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் ஆகியும் காது வலி தொடர்ந்தால் பல்லை விட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மீண்டும் தொண்டையைக் காட்ட வேண்டும்.