வளைகுடாவிலிருந்து திரும்பினோம்: உள்ளூர் முதலாளிமார்களுக்கு ஒரு விண்ணப்பம்

பூச்சோங் வட்டாரத்துத் தோட்ட லயங்களில் பிறந்தவர்கள் நாங்கள். பால்மரங்கள் சாய்ந்து வீடமைப்பு வந்த பிறகு வெல்டிங் தொழில் பழகினோம். அபுதாபியில் ருவைஸ், சவூதியில் ஜுபைல் என்று எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகளில் குழாய் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊர் திரும்பியிருக்கிறோம். பூச்சோங், ஷா ஆலாம், கிள்ளான் பட்டறை முதலாளிமார்கள் எங்களைக் கண்டதும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: "சர்டிபிகேட் இருக்கிறதா? அங்கே வாங்கிய சம்பளத்தையா இங்கேயும் எதிர்பார்க்கிறாய்?" இரண்டுக்கும் இங்கே பதில் சொல்கிறோம்.

முதலில் சர்டிபிகேட். எங்கள் கையிலிருப்பது 6ஜி என்னும் பரீட்சைத் தாள். குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வரவேண்டும். மேலே, பக்கவாட்டில், தலைக்கு மேல் என எல்லா நிலையும் அந்த ஒரே வளையத்தில் வந்துவிடும். முதல் வரியை ஆர்கானில் போட்டு, மீதியைக் குச்சியால் நிரப்புவது வழக்கம். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது துண்டு வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். முதல் வரி உள்சுவர்வரை உருகி இறங்காவிட்டால் படத்தில் கறுப்புக் கோடு தெரியும். காற்றுப் புகுந்திருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளியே எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அந்தப் படம் பொய் சொல்லாது.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். குழாய் வேலைக்காரர்கள் பின்பற்றும் ஏ.எஸ்.எம்.இ. விதிநூலின் ஒன்பதாம் பகுதிப்படி, அந்த வகை வெல்டிங்கை ஆறு மாதம் தொடாதவனுடைய தகுதி காலாவதியாகிவிடும். அதுவுமன்றி, ஒரு கம்பெனியில் பெற்ற தகுதி அடுத்த கம்பெனிக்குத் தானாகச் செல்லாது. புது முதலாளி தம் பொறுப்பில் பரீட்சை வைப்பதே பொது விதி. ஆகவே பத்தாண்டுத் தாளைக் காட்டி வேலை கேட்பவனையும் நம்பவேண்டாம், தாள் பழையது என்று அவனை விரட்டவும் வேண்டாம். தோட்டத்தில் புதிதாக வந்த பால்வெட்டியிடம் யார் தாள் கேட்டார்கள்? ஒரு மரத்தைக் காட்டி வெட்டச் சொன்னார்கள். பட்டை எவ்வளவு போயிற்று, கத்தி கட்டையில் பட்டுக் காயமாயிற்றா என்று மண்டோர் குனிந்து பார்த்தார். எங்களுக்கும் அப்படியே ஒரு குழாய்த் துண்டு கொடுங்கள்.

அந்த நாளுக்குக் கூலியும் கொடுங்கள். கிள்ளான் பக்கம் ஒரு குத்தகையாளர் எங்களில் மூவரைப் "பரீட்சை" என்று அழைத்து, இரண்டு நாள் தம் சொந்த ஆர்டருக்குரிய குழாய்களையே பற்றவைக்கச் சொல்லிவிட்டு, பிறகு கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார். பரீட்சைத் துண்டை வெட்டிச் சோதிப்பார்கள், லாரியில் ஏற்றமாட்டார்கள். வித்தியாசம் எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது சம்பளம். வளைகுடாப் பணத்தை ரிங்கிட்டாக மாற்றிப் பார்த்துப் பலரும் மலைக்கிறார்கள். அங்கே எங்களுக்கு சேமநிதி கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதற்குப் பதிலாக, வேலை முடிந்து போகும்போது முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் தருவார்கள். 'அடிப்படை' என்ற சொல்லில்தான் சூட்சுமம். மாதம் 2,400 திர்ஹாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அதில் அடிப்படை 1,500 ஆகவும் மீதி அலவன்சாகவும் எழுதியிருப்பார்கள். நாளைக்கு 50 என்று வைத்து 21 நாளுக்கு 1,050. நான்கு ஆண்டுக்கு 4,200 திர்ஹாம். கிராணிமார்கள் கணக்கைச் சரிபார்க்கலாம்: அது அடிப்படையிலேயே நூற்றுக்கு 6க்கும் குறைவு. இங்கோ 3,000 ரிங்கிட் சம்பளக்காரனுக்கு முதலாளி நூற்றுக்கு 13 வீதம் மாதம் 390 ரிங்கிட் சேமநிதியில் கட்டவேண்டும். வெளிநாட்டில் போன ஆண்டுகளில் எங்கள் சேமநிதிக் கணக்கில் முதலாளி பங்கு என்று ஒரு காசும் ஏறவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு இது சிறிய ஓட்டையல்ல.

ஆதலால் நாங்கள் தேடும் வேலை இதுதான்: குத்தகையாளர் பெயரில் அல்லாமல் கம்பெனியின் சொந்தப் பெயர்ப்பட்டியலில் இடம், சேமநிதி, சொக்சோ. வளைகுடாச் சம்பளம் கேட்கவில்லை. "சேமநிதி வேண்டாம், கையில் கூடுதலாகத் தருகிறோம்" என்ற பேரத்துக்கும் வரமாட்டோம். அது சட்டத்துக்கும் பொருந்தாது.

இன்னொன்றும் கேட்கிறோம். ஒவ்வொரு வெல்டரும் எந்த மாதம் எந்த வகை வெல்டிங் செய்தார் என்று ஒரு பதிவேடு வைத்துக் கையெழுத்திடுங்கள். ஆறு மாத விதி உங்களுக்கும் உண்டு: ஆய்வாளர் வந்து கேட்கும்போது அந்தப் பதிவேடு இல்லையென்றால் மறுபரீட்சைச் செலவு உங்கள் தலையில்தான்.

இன்னும் அங்கேயிருந்து திரும்பப்போகும் தம்பிமார்களுக்கும் ஒன்று. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி, கேட்டால் அனுபவச் சான்றை முதலாளி இலவசமாகத் தரவேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலைப் பெயர், கடைசிச் சம்பளம் அதில் இருக்கும். விமானம் ஏறிய பின் கேட்டால் யார் பதில் எழுதுவார்கள்? வேலைப் பெயர் "ஹெல்ப்பர்" என்றிருந்தால், அங்கேயே நின்று "பைப் வெல்டர்" என்று திருத்தி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.